திரும்பி வருகிறவர்களும் எழுப்பப்படுகிறவர்களும்

கேள்வி: பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எனக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. ஊர் வாசகசாலைக்குச் செயலாளராகவும் இருக்கிறேன். தினமும் சிவபுராணம் ஓதுகிற சைவக் குடும்பம் எங்களுடையது. சென்ற மாதம் பக்கத்துத் தோட்டத்து ராவுத்தர் பெரியவர் காலமானார். நான் சிறுவயதில் அவரை ‘அத்தா’ என்றே கூப்பிட்டு வளர்ந்தவன். வாசகசாலையில் நடந்த இரங்கல் கூட்டத்தில், “பழைய சட்டையைக் கழற்றிப் புதுச் சட்டை போடுவதுபோல உயிர் உடம்பை மாற்றிக்கொள்கிறது, எல்லா மதமும் இதையே வெவ்வேறு மொழியில் சொல்கின்றன, அத்தா இந்த ஊரிலேயே மறுபடி பிறப்பார்” என்று பேசினேன். மறுநாள் அவருடைய மகன், என்னோடு பள்ளியில் படித்தவர், “உங்க பிரியம் தெரியுதுங்க, ஆனா எங்களுக்கு மறுபிறவி கிடையாதுங்களே” என்றார். கூட இருந்த கத்தோலிக்க ஆசிரியரும் “எங்களுக்கும் இல்லை” என்றார். எல்லா மதமும் ஒன்றுதான் என்று சொன்னது தவறா? வேறுவேறு என்று சொல்லத் தொடங்கினால் ஊரில் சண்டை வராதா?

பதில்:

அன்புள்ள ஐயா,

தவறுதான். அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டு, தவறு எந்த இடத்தில் நேர்ந்தது என்பதை உங்கள் அத்தாவை அடக்கம் செய்த கபுருக்குப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம் என்று நினைக்கிறேன். மதங்களின் ஒற்றுமை வேற்றுமை பற்றிப் பொதுவாகப் பேசினால் யாரும் எதையும் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இறந்துபோன ஒரு மனிதரை முன்னால் வைத்துக்கொண்டு, “இவர் இப்போது எங்கே இருக்கிறார், இனி இவருக்கு என்ன நடக்கும், இவருக்காக நாம் செய்யக்கூடியது ஏதாவது உண்டா” என்று கேட்டால் அப்படித் தப்ப முடியாது.

பெரியவர் இறந்த அன்று நீங்கள் அந்த வீட்டில் இருந்திருப்பீர்கள். மய்யித்தை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டினார்கள், தைக்காத வெள்ளைக் கபன் துணியில் பொதிந்தார்கள், ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள், கபுரில் முகம் மக்காவின் திசையாகிய கிப்லாவை நோக்கும்படி கிடத்தினார்கள். அந்தத் தொழுகையில் குனிதலும் சிரம் பணிதலும் இல்லை, நின்ற நிலையிலேயே, ‘அல்லாஹு அக்பர்’ என்று சொல்லும் நான்கு தக்பீர்களோடு முடிந்துவிடும். அதன் நடுவில் கேட்கப்படுவது முதன்மையாக ஒன்றுதான்: இறைவன் இந்த மனிதரின் பிழைகளை மன்னிக்க வேண்டும். அதன்பிறகு கபுரில் முன்கர், நகீர் என்னும் இரண்டு வானவர்கள் வந்து, உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யார் என்று அவரைக் கேட்பார்கள் என்பது நம்பிக்கை. அங்கிருந்து கியாமத்து என்னும் இறுதித் தீர்ப்பு நாள்வரை இருக்கும் இடைப்பட்ட நிலைக்கு பர்ஸக் என்று பெயர். அந்தச் சொல்லுக்கே தடுப்பு என்றுதான் பொருள். அந்த நாளில் இதே மனிதர், இதே உடம்போடு, எழுப்பப்படுவார். எலும்புகளை ஒன்றுசேர்க்க நம்மால் முடியாது என்று மனிதன் எண்ணுகிறானா, அவன் விரல் நுனிகளைக்கூடச் சீராக அமைக்க வல்லவர் நாம் என்று குர்ஆனின் 75ஆம் அத்தியாயம் இறைவனின் கூற்றாகச் சொல்கிறது. விரல் நுனி என்று குறிப்பிட்டுச் சொல்லும் அளவுக்கு அந்த உடம்பு அந்த மனிதருக்கே உரியது.

இப்போது 23ஆம் அத்தியாயத்தின் 99, 100ஆம் வசனங்களுக்கு வருவோம். மரணம் வந்ததும் ஒருவன், “இறைவா, என்னைத் திருப்பி அனுப்பிவிடு, நான் விட்டுவந்த இடத்தில் நல்லது செய்துகொள்கிறேன்” என்று கெஞ்சுகிறான். அது ஒருபோதும் இல்லை என்று மறுக்கப்படுகிறது. எழுப்பப்படும் நாள்வரை அவர்களுக்குப் பின்னால் ஒரு தடுப்பு இருக்கிறது என்று அந்த இடம் முடிகிறது. திரும்பி அனுப்பும்படி அங்கே கெஞ்சுகிறவன் வாழ்நாளை வீணாக்கியவன் என்பதையும் கவனியுங்கள். ஆக, பெரியவர் இந்த ஊருக்கே திரும்பி வருவார் என்று நீங்கள் மேடையில் சொன்னபோது, அவருடைய மகனின் காதில், தீயவன் ஒருவன் கேட்டு மறுக்கப்பட்ட வரத்தைத் தன் தந்தைக்குக் கிடைத்ததாக நீங்கள் அறிவித்ததுபோல ஆகிவிட்டது. நீங்கள் அன்பைத்தான் சொன்னீர்கள், அவரும் அதைப் புரிந்துகொண்டார். ஆனால் சொன்ன கருத்து அவருடைய மார்க்கத்தில் பெயர்சொல்லி மறுக்கப்பட்ட கருத்து.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. மனிதன் இறந்துவிட்டால் அவனுடைய செயல்கள் நின்றுவிடுகின்றன, மூன்று மட்டும் நிற்பதில்லை என்று ஒரு நபிமொழி சொல்கிறது: நிலைத்துப் பயன்தரும் தர்மம், பிறருக்குப் பயன்படும் கல்வி, அவனுக்காக இறைவனிடம் வேண்டி துஆச் செய்கிற நல்ல பிள்ளை. உங்கள் நண்பர் இப்போது அந்த மூன்றாவது இடத்தில் நிற்கிறார். தந்தை எங்கோ ஒரு தொட்டிலில் புதிய குழந்தையாகக் கிடக்கிறார் என்றால், அந்தப் பழைய மனிதருக்காக மகன் தினமும் கேட்கிற துஆ யாரைப் போய்ச் சேரும்? மறுபிறவி என்ற ஒரே ஒரு கருத்தை உள்ளே கொண்டுவந்து வைத்ததும் தொழுகை, துஆ, தர்மம், கபுர் என்று அந்த வீட்டார் இந்த ஒரு மாதமாகச் செய்துகொண்டிருக்கிற அத்தனையும் பொருளிழந்துபோகும்.

கத்தோலிக்க ஆசிரியரின் பதில் இதற்குப் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ஒருமுறை மரணம், அதன்பின் தீர்ப்பு என்று எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 9ஆம் அதிகாரம் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் நேராகவே, மரணத்துக்குப்பின் மறுபிறவி இல்லை என்று 1013ஆம் பத்தியில் ஒரு தனி வாக்கியமாகச் சொல்லிவிடுகிறது. உடம்பு மீண்டும் எழும் என்பதிலும் இருவரும் ஒன்றே. 1963இல் பிணத்தை எரிக்கலாம் என்று ரோமாபுரி அனுமதி கொடுத்தது. ஆனால் 2016இல் வெளியிட்ட அறிவுரையில், எரித்த சாம்பலை ஆற்றிலோ காற்றிலோ தூவக்கூடாது, கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று வரையறுத்தது. மரணம் என்பது இயற்கையோடு கலந்துவிடுவது என்றோ, பிறவிச் சுழற்சியில் ஒரு படி என்றோ, உடம்பு என்னும் சிறையிலிருந்து விடுதலை என்றோ யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதையே அந்த அறிவுரை காரணமாகக் காட்டுகிறது. நம் பக்கத்து மக்கள் அஸ்தியை எடுத்துக்கொண்டு திருவில்வாமலைக்கு அருகே ஐவர்மடத்துக்கும் திருநாவாய்க்கும் போய் பாரதப்புழையில் கரைத்துவிட்டு வருகிறார்கள் அல்லவா, அந்தச் செயலில் அடங்கியிருக்கிற கருத்தைத்தான் அந்த ஆவணம் ஏற்க மறுக்கிறது.

ஆனால் ராவுத்தரும் கத்தோலிக்கரும் “எங்களுக்கும் இல்லை” என்று ஒரே குரலில் சொன்னதால் அவர்கள் இருவரும் ஒன்றையே நம்புகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஆசிரியரிடம், உடம்பு எழும் என்று எதைக்கொண்டு நம்புகிறீர்கள் என்று கேட்டால், இயேசு சிலுவையில் இறந்து மூன்றாம் நாள் எழுந்தார், அதைக்கொண்டு என்பார். கிறிஸ்து எழவில்லை என்றால் உங்கள் நம்பிக்கை வீண் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். குர்ஆனோ 4ஆம் அத்தியாயம் 157ஆம் வசனத்தில், இயேசுவாகிய ஈஸாவை அவர்கள் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை, அவர்களுக்கு அப்படித் தோன்றியது என்கிறது. ஈஸா நபியின் மீது இஸ்லாத்துக்கு இருக்கிற மதிப்பு சிறியதல்ல, கன்னி மர்யமிடம் பிறந்தவர் என்றும் மஸீஹ் என்றும் அது அவரைக் கொண்டாடுகிறது. ஆனால் ஒரு மனிதர் ஒரு குறிப்பிட்ட நாளில் எருசலேமில் சிலுவையில் இறந்தாரா இல்லையா என்பது, மொழியை மாற்றினால் ஒத்துப்போகிற விஷயமல்ல. இறந்தார் என்றால் இறந்தார், இல்லையென்றால் இல்லை. ஒரு மதத்தின் அடித்தளக்கல் இன்னொரு மதத்தில் நடக்காத நிகழ்ச்சி.

கத்தோலிக்கரிடம் உத்தரிக்கும் ஸ்தலம் என்று ஒன்று உண்டு. கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் இறந்தவருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பதும் அங்கே தூய்மையாகிக்கொண்டிருக்கும் ஆன்மாக்களுக்காக. சீர்திருத்தச் சபையார் அதை ஒப்புவதில்லை, அதனால் இறந்தவருக்காக மன்றாடுவதை அவர்களில் பெரும்பாலோர் செய்வதும் இல்லை. ஒரே கிறிஸ்துவை நம்புகிறவர்களுக்குள்ளேயே இப்படி.

சரி, இதெல்லாம் அடுத்த வீட்டுக் கதை. நீங்கள் பேசியது உங்கள் சொந்தச் சைவத்தையாவது சரியாகச் சொன்னதா என்று பார்த்தால், அங்கும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

சட்டை உவமை கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து வருவது. சைவ சித்தாந்தியும் உயிர் பல உடம்பெடுக்கும் என்பதை ஒப்புவார். ஆனால் அதை ஆறுதலாகச் சொல்லமாட்டார். தினமும் நீங்கள் ஓதுகிற சிவபுராணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புல்லாகிப் பூடாய், புழுவாய் மரமாகி என்று தொடங்கி, கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய் என்று அடுக்கிக்கொண்டே போய், “எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்” என்று மாணிக்கவாசகர் மூச்சு வாங்குகிறார். இளைத்தேன் என்பதுதான் அங்கே சொல். பிறவி என்பது அவருக்கு அறுபட வேண்டிய ஒன்று, ‘பிறப்பறுக்கும் பிஞ்ஞகன்’ என்றே இறைவனை அழைக்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் இறந்திருந்து, அவர் மறுபடி பிறப்பார் என்று தீட்சை பெற்ற சைவர் ஒருவரிடம் சொல்லியிருந்தீர்களானால், அவரும் உங்கள் நண்பரைப் போலவே ஒரு நொடி தயங்கியிருப்பார், வேறு காரணத்துக்காக. மறுபடி பிறப்பார் என்றால் இன்னும் வீடுபேறு அடையவில்லை என்றல்லவா பொருள்?

சித்தாந்தம் சொல்வதைச் சுருக்கமாக வைத்துப் பார்ப்போம். இறைவனாகிய பதி, உயிராகிய பசு, தளையாகிய பாசம் மூன்றும் தொடக்கமில்லாதவை. இறைவன் உயிரைப் படைக்கவில்லை, அது என்றும் இருக்கிறது, ஆணவம் என்னும் இருளில் என்றுமே மூழ்கி இருக்கிறது. அந்த இருளில் தடுமாறுகிற உயிருக்கு, விடியும்வரை எரிகிற விளக்காக மாயையிலிருந்து ஓர் உடம்பை இறைவன் கொடுக்கிறான். வினையை அனுபவித்துத் தீர்ப்பதற்கு இன்னோர் உடம்பு, அதன்பின் இன்னொன்று. விடிந்தபின் விளக்குக்கு வேலையில்லை. ஆகவே இந்த உடம்பு மறுபடி எழ வேண்டும் என்ற எண்ணத்துக்கே சித்தாந்தத்தில் இடமில்லை. இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் உடம்பு திரும்ப வராவிட்டால் மனிதன் முழுமையடையவில்லை, சித்தாந்திக்கு உடம்பு திரும்பத் திரும்ப வருவதுதான் நோய். மேலும், இறைவனால் படைக்கப்படாமல் என்றென்றும் இருந்துவருகிற பொருள் இன்னொன்று உண்டு என்று சித்தாந்தி சொல்கிற அந்த முதல் வாக்கியமே உங்கள் நண்பரின் மார்க்கத்தில் ஏற்கத்தகாதது. அங்கே இறைவன் ஒருவனைத் தவிர மற்ற எல்லாமே படைக்கப்பட்டவை, உயிரும் உட்பட.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். எரிப்பதையும் புதைப்பதையும் மட்டும் பார்த்துக் கொள்கையை ஊகித்துவிடக் கூடாது. வீரசைவர்கள் புதைக்கிறார்கள், துறவிகளைச் சமாதி வைக்கிறோம், நம் சாதிகள் பலவற்றில் அடக்கம் செய்வதே வழக்கம். அவர்கள் யாரும் கியாமத்து நாளை எதிர்பார்த்துப் புதைப்பதில்லை. செயல் ஒன்றாக இருக்கும்போது ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டால்தான் கொள்கை வெளியே வரும்.

செயலுக்குச் சொன்னது சொல்லுக்கும் பொருந்தும். மறுபிறப்பு என்ற ஒரே சொல்லைப் பௌத்தரும் வழங்குகிறார். ஆனால் ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போகிற உயிர் என்று ஒன்று இல்லை என்பது அவருடைய கொள்கை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் ஏதாவது ஒரு பொருள் இங்கிருந்து அங்கே தாவுகிறதா என்று அவர் கேட்பார். இறந்தவரும் பிறந்தவரும் ஒருவரே என்றும் சொல்லமாட்டார், வேறு ஒருவர் என்றும் சொல்லமாட்டார். உங்கள் சட்டை உவமையில் சட்டையை மாற்றிக்கொள்கிற ஆள் ஒருவன் இருக்கிறான், அவருடைய கணக்கில் சட்டைகள் மட்டுமே உண்டு. காலடியில் பிறந்த சங்கரரின் அத்வைதமோ, முடிவில் இருப்பது பிரமம் ஒன்றுதான், தனித்தனி உயிர்கள் என்ற பிரிவே அறியாமையால் வந்தது என்கிறது. சித்தாந்தி அதையும் ஒப்பவில்லை, முத்தியிலும் உயிர் உயிராகவே இருந்து இறைவனின் இன்பத்தை நுகரும் என்பார். இந்து என்று நாம் ஒரே பெயரில் எழுதிக்கொள்கிற வீட்டுக்குள்ளேயே இத்தனை கதவுகள் இருக்கின்றன.

நான் கல்லூரியில் சமய ஒப்பியல் கற்பிக்கத் தொடங்கிய முதல் வருடத்தில் உங்களைப் போலவே பேசினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாடத்தை முடிக்கும்போது, ஆழத்தில் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவைத்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன், “அப்படியென்றால் தேர்வில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலை எழுதலாமா, சார்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அடுத்த வருடப் பாடக்குறிப்பிலிருந்து அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

எல்லாம் ஒன்று என்பதற்குச் சான்றாக நம் மேடைகளில் ஓதப்படுகிற வரிகளைக் கொஞ்சம் முழுதாகப் படித்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். “யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வ மாகி யாங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்” என்ற சிவஞான சித்தியார் வரியைச் சைவ மேடைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். எந்தத் தெய்வத்தை வணங்கினாலும் அந்தத் தெய்வமாகவே சிவபெருமான் வருவார் என்று பொருள் சொல்லி அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பாட்டு அங்கே நிற்கவில்லை. அடுத்த தொடரிலேயே, மற்றத் தெய்வங்கள் வேதனைப்படும், இறக்கும், பிறக்கும், வினையும் செய்யும், ஆகவே இவை இல்லாத ஒருவனே அறிந்து அருள்செய்வான் என்று அருணந்தி சிவாசாரியார் முடிக்கிறார். அதாவது நீ யாரைக் கும்பிட்டாலும் பலன் தருபவன் எங்கள் சிவன், ஏனென்றால் மற்றவை பிறந்து இறக்கிறவை. இதில் பெருந்தன்மை இருக்கிறது, ஆனால் எல்லாத் தெய்வமும் சமம் என்ற கருத்து இல்லை. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்வதும் இதே அமைப்புதான்: பிற தெய்வங்களை வழிபடுகிறவர்களும் என்னையே வழிபடுகிறார்கள், ஆனால் முறைப்படி அல்ல. அருணந்தியாருக்கு மற்றச் சமயங்கள் வேறானவை என்பதில் ஐயமே இருந்ததில்லை. தம் நூலின் முற்பகுதியாகிய பரபக்கத்தில் உலகாயதம், நான்கு வகைப் பௌத்தம், மாயாவாதம், பாஞ்சராத்திரம் உள்ளிட்ட பதினான்கு மதங்களை எடுத்து, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று முதலில் எழுதி, அதன்பிறகே மறுக்கிறார்.

யானையைத் தடவிய குருடர்கள் கதையும் அப்படித்தான். ஒவ்வொருவரும் யானையின் ஒரு பகுதியைத் தொட்டதால் எல்லாரும் ஓரளவு சரி என்று முடிப்பார்கள். அந்தக் கதையைச் சொல்கிறவர் எங்கே நிற்கிறார்? முழு யானையையும் கண்ணால் பார்க்கிற அரசனுடைய இடத்தில். பாலி மொழி உதான நூலில் இந்தக் கதை வருகிற இடத்தில், தம் காலத்துப் பிற சமயத்தார் பார்வையில்லாமல் சண்டையிடுகிறார்கள் என்று காட்டுவதற்காகவே புத்தர் இதைச் சொல்கிறார். ஆக, எல்லா மதமும் ஒன்று என்கிறவர் மதங்களுக்கு வெளியே நடுநிலையில் நிற்பவர் அல்லர். ராவுத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் அவர்கள் சொல்வது அவர்களுக்கே புரியவில்லை, எனக்குத்தான் புரிந்தது என்று சொல்லும் இன்னொரு கொள்கையை அவர் வைத்திருக்கிறார். அன்று வாசகசாலையில் அந்த இருவர் மனத்திலும் நெருடியது இதுவாக இருக்கலாம்.

பொய் சொல்லாதே, திருடாதே, பெற்றோரைப் பேணு, பசித்தவனுக்குச் சோறு போடு என்பவற்றில் ஒத்துப்போகிறார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மை, அந்த ஒற்றுமை பெரியது, ஓர் ஊர் ஒன்றாக வாழ்வதற்கு அதுவே பெரும்பாலும் போதுமானது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சமணர் கொல்லாமையின் பொருட்டு கிழங்கைக்கூட உண்ணாமல் இருப்பதும், உங்கள் நண்பர் வீட்டில் பக்ரீத்துக்கு இறைவனுக்காக ஆட்டை அறுத்துப் பங்கு வைப்பதும் அவரவர்க்கு அறம். நல்லவனாக இரு என்ற தலைப்பு பொதுவாக இருக்கிறது, அதன்கீழ் எழுதப்பட்டிருப்பது பொதுவாக இல்லை.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். வேறுவேறு என்று சொன்னால் சண்டை வரும் என்பதற்கு எதிரான சான்றுகள் உங்கள் சேர நாட்டிலேயே கிடக்கின்றன. மணிமேகலை சமயங்களின் கொள்கைகளைக் கேட்டறிய வஞ்சி மாநகருக்குத்தான் போகிறாள். வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்ற வழக்கு தீரவில்லை, அது சேரர் தலைநகர் என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை. அங்கே அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் போய், உன் பொருள் என்ன, சொல் என்று கேட்கிறாள். ஒவ்வொருவரும் தம் கொள்கையைத் தமக்கே உரிய சொற்களில் சொல்கிறார். யாரும் யாரையும் அடிக்கவில்லை. பூதவாதி சொன்னதைக் கேட்டு அவள் சிரிக்கிறாள், அவ்வளவே. பிறகு தனக்குச் சரியென்று பட்டதைத் தேடிக் காஞ்சிக்குப் போகிறாள்.

1924இல் ஆலுவா அத்வைதாசிரமத்தில் ஸ்ரீநாராயண குரு சர்வமத சம்மேளனம் கூட்டியபோது, வாயிலில் “வாதிக்கானும் ஜயிக்கானுமல்ல, அறியானும் அறியிக்கானும்” என்று எழுதிவைக்கச் சொன்னார். வாதிட்டு வெல்வதற்கல்ல, அறிந்துகொள்ளவும் அறிவிக்கவும் என்பது பொருள். மதங்களின் சாரம் ஒன்றே என்பதுதான் குருவின் கருத்து, அதை நான் மறைக்க விரும்பவில்லை. அது அவருடைய அத்வைதத்திலிருந்து வருகிற முடிவு, அதை எல்லா மதத்தாரும் ஏற்கவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் அந்த முடிவை எல்லார் தலையிலும் ஏற்றுவதற்காக அவர் கூட்டம் கூட்டவில்லை. ஒவ்வொரு மதத்தாரையும் அழைத்து அவர்கள் மதத்தை அவர்களே சொல்லும்படி மேடையைக் கொடுத்தார். அறிவிப்பதற்கு வேறுவேறு செய்தி இருந்தால்தானே அறிந்துகொள்வது என்பதற்கு வேலை இருக்கும்.

நான் பார்த்த அளவில் ஊர்களில் சண்டை வருவது நிலத்துக்கும் ஊர்வலப் பாதைக்கும் ஒலிபெருக்கிக்கும் தேர்தலுக்கும்தான். பர்ஸக் உண்டா இல்லையா என்று கேட்டுக் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் யாரும் கைகலந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. உங்கள் நண்பர் தம் கருத்து வேறு என்பதை உங்களிடம் நேராகச் சொன்னார், அதற்குப் பிறகும் நீங்கள் இருவரும் நண்பர்களாகவே இருக்கிறீர்கள்.

இதில் எது உண்மை என்று நான் சொல்லவில்லை. அது நீங்கள் கேட்ட கேள்வியுமல்ல, ஒப்பியல் படித்தவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியதும் அல்ல. அடுத்த முறை இப்படி ஒரு கூட்டத்தில் பேச நேர்ந்தால் ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். நீங்கள் சொல்லப்போகிற வாக்கியத்தை, அந்த வீட்டார் தம் தொழுகையிலோ பூசையிலோ அப்படியே சொல்லக்கூடுமா என்று கேட்டுப் பாருங்கள். “நம் அத்தா எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார்” என்பதை யாரும் சொல்லலாம். “இறைவன் அவர் பிழைகளைப் பொறுத்தருளட்டும்” என்பதைச் சைவராகிய நீங்களும் மனமறிந்து சொல்லலாம், அவர்களும் ஆமீன் சொல்வார்கள். “மறுபடி பிறப்பார்” என்பது இந்தச் சோதனையில் தேறாது.

உங்கள் நண்பரிடம் தனியாக மன்னிப்புக் கேட்பதில் தவறில்லை, ஆனால் அவர் அதை எதிர்பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் வீட்டில் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுகிற வழக்கம் இருந்து உங்களை அழைத்தால் போங்கள். அந்த வழக்கத்தை ஒப்பாத முஸ்லிம்களும் உண்டு, ஆகவே அழைப்பு வராவிட்டால் வருத்தப்படாதீர்கள். போகிறபோதோ, தோட்டத்து வேலியருகே சந்திக்கிறபோதோ, அத்தாவுக்காக அவர்கள் என்ன துஆ கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். நீங்கள் வாசகசாலைச் செயலாளர் என்பதால் இன்னொன்றும் கேட்கலாம்: நிலைத்துப் பயன்தரும் தர்மமாக, அத்தாவின் பெயரில் பிள்ளைகளுக்கு ஓர் அலமாரித் தமிழ்ப் புத்தகம் வாங்கிவைக்க அந்தக் குடும்பத்துக்கு விருப்பமா என்று. அவர்கள் அதை ஸதக்கத்துல் ஜாரியா என்பார்கள், சொல்லை இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.